பக்க எண் கேட்டால் தளம் ஏன் திணறுகிறது?

ஆங்கில விக்கிபீடியாவில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பற்றிய கட்டுரையைத் திறந்து, மேலே இருக்கும் ‘வரலாறு’ இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். அந்தக் கட்டுரையில் யார் எப்போது கை வைத்தார்கள் என்ற பட்டியல் விரியும். 45,000-க்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கண்ட கட்டுரை அது. பக்கத்துக்கு 50 வீதம் காட்டினாலே தொள்ளாயிரம் பக்கம் வரும். ஆனால், நாம் எதிர்பார்க்கிற 1, 2, 3 … 900 என்ற எண் வரிசை அங்கே இருக்காது. இதைவிடப் புதிய 50, இதைவிடப் பழைய 50, எல்லாவற்றிலும் புதியவை, எல்லாவற்றிலும் பழையவை என்று நான்கு இணைப்புகள் மட்டும் இருக்கும்.

இது ஏதோ செய்யாமல் விட்ட வேலை இல்லை. யோசித்து எடுத்த முடிவு. பக்க எண்ணைக் கொடுத்திருந்தால், யாராவது எண்ணூறாம் பக்கத்தைச் சொடுக்கும்போது சர்வர் வீணாக உழைக்க வேண்டியிருக்கும்.

பெரிய பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்ட, புரோகிராம் எழுதுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற வழி `OFFSET`. விக்கிபீடியாவின் திருத்தங்கள் `revision` என்ற அட்டவணையில் இருக்கின்றன. புஷ் கட்டுரையின் எண் 7 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எண்ணூற்று ஒன்றாம் பக்கத்தை டேட்டாபேஸிடம் இப்படிக் கேட்கலாம்:

```
SELECT rev_id, rev_timestamp
FROM revision
WHERE rev_page = 7
ORDER BY rev_timestamp DESC
LIMIT 50 OFFSET 40000;
```

புதியதிலிருந்து பழையதாக அடுக்கு, முதல் 40,000 பதிவுகளைத் தாண்டிப் போ, அதற்கப்புறம் 50 கொடு என்று அர்த்தம். படிக்கச் சுலபமாக இருக்கிறது. சிக்கல் ‘தாண்டிப் போ’ என்பதில்தான். டேட்டாபேஸுக்குத் தாண்டத் தெரியாது. ஒவ்வொரு பதிவாக எடுத்து, இது ஒன்று, இது இரண்டு என்று நாற்பதாயிரம் வரை எண்ணிக் கீழே போட்டுவிட்டு, கடைசி ஐம்பதை மட்டும் நம் கையில் தரும். 40,050 பதிவுகளைத் தொட்டு 50-ஐக் கொடுக்கிறது. தாண்டிய பதிவுகளையும் சர்வர் கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் பெரிய `OFFSET` மெதுவாக இருக்கக்கூடும் என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேடே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது.

‘இண்டெக்ஸ் போட்டால் சரியாகிவிடுமே’ என்று புரோகிராமர்களே பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரியாகும். இண்டெக்ஸ் இருந்தால் அடுக்குகிற வேலை மிச்சம். எண்ணுகிற வேலை அப்படியே இருக்கும். ஒரு தடித்த அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மயில்’ எங்கே என்று கேட்டால் நாலைந்து புரட்டலில் விரல் வைத்துவிடுவீர்கள். அதற்கு அடுத்த ஐம்பது சொற்களை வாசி என்றால் அங்கிருந்தே வாசித்துக்கொண்டு போவீர்கள். அதே அகராதியில் நாற்பதாயிரமாவது சொல் எது என்று கேட்டால்? அகர வரிசை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

டேட்டாபேஸ்களில் பெரும்பாலான இண்டெக்ஸ்கள் ‘பி-ட்ரீ’ என்ற கிளை கிளையாகப் பிரியும் அமைப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு கிளை முனையிலும் ‘இந்த மதிப்புக்குக் கீழே உள்ளவை இடப்பக்கம், மேலே உள்ளவை வலப்பக்கம்’ என்கிற வழிகாட்டல் இருக்கும். கோடிக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் மூன்று நான்கு படி இறங்கினால் தேடிய இடம் வந்துவிடும். ஆனால், தனக்குக் கீழே எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று அந்த முனை குறித்து வைத்துக்கொள்வதில்லை. குறித்து வைத்தால் என்ன? ஒவ்வொரு புதிய பதிவு சேரும்போதும் அடியிலிருந்து உச்சி வரை எல்லா எண்ணிக்கையையும் மாற்றியாக வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேர் எழுதினால் நூறு பேரும் உச்சி முனைக்காகக் காத்திருப்பார்கள். போதாக்குறைக்கு, இன்னும் முடிவாகாத ஒரு பதிவு எழுதியவருக்கு மட்டும் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஓர் எண்ணிக்கை என்றால் எதைக் குறித்து வைப்பது? ஆகவே, மதிப்பைச் சொன்னால் தேடித்தரும், வரிசை எண்ணைச் சொன்னால் எண்ணத்தான் செய்யும்.

முதல் பத்துப் பக்கங்களில் இது கண்ணில் படாது. மனிதர்கள் பெரும்பாலும் அதற்கு மேல் போவதுமில்லை. ஆழத்துக்குப் போகிறவை தேடுபொறிகளின் நிரல்களும், எல்லாவற்றையும் இறக்கி எடுத்துக்கொள்ள நினைக்கும் ஸ்கிரிப்ட்களும்தான். ஒரு லட்சம் பதிவுகளை 50 ஐம்பதாக `OFFSET` வழியில் முழுதும் எடுக்கிற ஒரு ஸ்கிரிப்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் பக்கத்துக்கு 50, இரண்டாவதுக்கு 100, மூன்றாவதுக்கு 150 என்று ஏறிக்கொண்டே போய், இரண்டாயிரமாவது பக்கத்துக்கு முழு ஒரு லட்சத்தையும் தொட வேண்டும். மொத்தம் கூட்டினால் 10 கோடியைத் தாண்டுகிறது. இருப்பது ஒரு லட்சம், புரட்டியது பத்துக் கோடி. இரவில் ஆளே இல்லாத நேரத்தில் சர்வர் ஏன் மூச்சு வாங்குகிறது என்று தேடுகிறவர்கள், அணுகல் பதிவேட்டில் `page=1847` மாதிரி முகவரிகள் வரிசையாக நிற்கின்றனவா என்று முதலில் பார்க்கலாம்.

விக்கிபீடியா இதை எப்படிக் கையாள்கிறது? வரலாற்றுப் பக்கத்தில் ‘பழைய 50’ இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் இந்த மாதிரி ஒரு முகவரி தெரியும் (எண்களை மாதிரிக்கு நானே போட்டிருக்கிறேன்):

```
index.php?title=George_W._Bush&action=history
  &offset=20190312064518|887401223&limit=50
```

`offset` என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதில் இருப்பது தாண்ட வேண்டிய எண்ணிக்கை அல்ல. முதல் 14 இலக்கம் ஒரு நேரம்: 2019 மார்ச் 12, காலை 6 மணி 45 நிமிடம் 18 நொடி. அதுவும் யூடிசி நேரம். நம் கடிகாரத்தில் பகல் 12.15. நடுக்கோட்டுக்கு அடுத்து இருப்பது அந்தத் திருத்தத்தின் தனி எண். ‘நான் கடைசியாகப் பார்த்த பதிவு இது, இதற்கு அடுத்ததிலிருந்து கொடு’ என்று முகவரியே சொல்கிறது. டேட்டாபேஸ் இண்டெக்ஸில் மூன்று நான்கு படி இறங்கி அந்த இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஐம்பதை வாசித்துத் தருகிறது. இரண்டாம் பக்கமானாலும் எண்ணூறாம் பக்கமானாலும் வேலை ஒன்றுதான்.

இந்த முறைக்குத்தான் கீசெட் பேஜினேஷன் என்று பெயர். பார்த்த கடைசிப் பதிவின் அடையாளத்தைச் சாவியாக வைத்து அடுத்த பக்கத்தைத் திறப்பது. விக்கிபீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இதற்கென்றே `IndexPager` என்ற பகுதி இருக்கிறது. `OFFSET` வழி ஏன் வேண்டாம் என்ற விளக்கம் அந்த நிரலின் தலைமாட்டிலேயே குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் வினாண்ட் என்ற டேட்டாபேஸ் எழுத்தாளர், `OFFSET` வேண்டாம் என்று தன் `use-the-index-luke.com` தளத்தில் ஒரு பிரசாரமே நடத்தி வருகிறார்.

ஒரு கேள்வி எழும். நேரம்தான் இருக்கிறதே, தனி எண் வேறு எதற்கு? இந்த முறையில் ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரே நொடியில் மூன்று பதிவுகள் விழுந்திருக்கின்றன. பக்கத்தின் ஐம்பதாவது பதிவு அந்த மூன்றில் முதலாவது. அடுத்த பக்கத்துக்கு ‘இந்த நேரத்துக்கு முந்தையவை’ என்று மட்டும் கேட்டால், அதே நொடியில் இருக்கும் மற்ற இரண்டும் எந்தப் பக்கத்திலும் வராமல் காணாமல் போய்விடும். ‘இந்த நேரமும் அதற்கு முந்தையவையும்’ என்று கேட்டால் அந்த முதல் பதிவு மறுபடி வரும். ஒரே நொடியில் ஐம்பதுக்கும் மேல் இருந்துவிட்டால், ‘அடுத்து’ பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே பக்கம்தான்.

நொடியில் அத்தனை பதிவுகள் எங்கே வரப்போகிறது என்று தோன்றலாம். போஸ்ட்கிரெஸில் `now()` என்று கேட்டால் அந்தப் பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தைத்தான் தரும். 500 பதிவுகளை ஒரே பரிவர்த்தனையில் ஏற்றினால், ஐந்நூறுக்கும் மைக்ரோநொடி பிசகாமல் ஒரே நேரம்தான் விழும். அடுத்து நேரத்தை மட்டும் நம்பிப் பக்கம் பிரித்தால் முதல் 50 தெரியும், மிச்சம் 450 இருந்தும் இல்லாததாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாப் பக்கங்களையும் ஓட்டி, வந்த தனி எண்களின் மொத்தத்தை அட்டவணையில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிட்டால்தான் குட்டு உடையும்.

ஆகவே, வரிசைப்படுத்தும்போது கடைசியில் ஒரு தனித்த எண்ணைச் சேர்த்தே ஆக வேண்டும். அடுத்த பக்கத்தைக் கேட்கும் முறை இது:

```
WHERE rev_page = 7
  AND (rev_timestamp < '20190312064518'
       OR (rev_timestamp = '20190312064518'
           AND rev_id < 887401223))
ORDER BY rev_timestamp DESC, rev_id DESC
LIMIT 51;
```

நேரம் முந்தையதாக இருக்க வேண்டும். நேரம் ஒன்றே என்றால் எண் சிறியதாக இருக்க வேண்டும். இதைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று `rev_timestamp < … AND rev_id < …` என எழுதிவிடுகிறவர்கள் உண்டு. தவறு. விக்கிபீடியாவில் வேறொரு விக்கியிலிருந்து இறக்குமதியான பழைய திருத்தங்களுக்கு நேரம் பழையதாகவும் எண் புதியதாகவும் இருக்கும். எண் பெரியது என்ற ஒரே காரணத்தால் அவை அத்தனையும் விடுபட்டுப் போகும். போஸ்ட்கிரெஸில் `(rev_timestamp, rev_id) < (…, …)` என்று இரண்டையும் ஒரு ஜோடியாக ஒப்பிடலாம். இண்டெக்ஸையும் அது ஒழுங்காகப் பயன்படுத்திக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் ஜோடி ஒப்பீட்டின் விடை சரியாக இருந்தாலும் இண்டெக்ஸ் முழுப் பலன் தராமல் போகக்கூடும் என்பதால், மேலே உள்ள நீளமான வடிவமே நல்லது.

இதற்கு ஏற்ற இண்டெக்ஸ், கட்டுரை எண்ணையும் நேரத்தையும் அதே வரிசையில் கொண்டிருக்க வேண்டும். விக்கிபீடியா பயன்படுத்தும் மரியாடிபியில் இன்னோடிபி என்ற சேமிப்பு முறை, எந்த இண்டெக்ஸின் வாலிலும் முதன்மை எண்ணைத் தானாகவே ஒட்டிவைக்கிறது. அதனால் `rev_id` அங்கே இலவசம். போஸ்ட்கிரெஸில் அப்படி இல்லை, நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

பக்கத்துக்கு 50 என்றோம், வினவலில் ஏன் 51? ‘பழையவை’ இணைப்பைக் காட்டலாமா, பட்டியல் இங்கேயே முடிகிறதா என்று தெரிய வேண்டுமே. அதற்காக மொத்தத்தை எண்ணினால் விட்ட வேலையை மறுபடி தோளில் ஏற்றிக்கொள்வது மாதிரி. ஒன்று கூடுதலாகக் கேட்டு, ஐம்பத்தொன்றாவது வந்தால் இணைப்பைக் காட்டு, வராவிட்டால் மறை. மீடியாவிக்கி செய்வதும் இதையேதான்.

பின்னோக்கி வருவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இதைவிடப் புதிய 50’ வேண்டுமென்றால், குறியை `>` என்று திருப்பினால் போதாது. வரிசை புதியதிலிருந்தே தொடங்கினால், பட்டியலின் உச்சியில் இருக்கும் 50 வந்து நிற்கும். பக்கத்தில் இருந்த 50 வராது. வரிசையையும் பழையதிலிருந்து புதியதாகத் திருப்பி, ஐம்பதை எடுத்து, திரையில் காட்டும் முன் நிரலில் தலைகீழாக்க வேண்டும். முகவரியில் `dir=prev` என்று வருவது இதற்காகத்தான். அதே `dir=prev`-ஐ இடக்குறி எதுவும் இல்லாமல் கொடுத்தால், தலைகீழ் வரிசையின் முதல் ஐம்பது, அதாவது கட்டுரை பிறந்த நாட்களின் திருத்தங்கள், உடனே வந்துவிடும். `OFFSET` முறையில் மிக மெதுவாக வரும் கடைசிப் பக்கம், இங்கே முதல் பக்கத்தின் வேகத்தில் வருகிறது.

வேகத்தை விடுங்கள், சரியான விடைக்காகவும் இந்த முறை தேவைப்படுகிறது. நீங்கள் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது யாரோ மூன்று திருத்தங்கள் செய்துவிட்டார்கள் என்றால், எல்லாப் பதிவுகளும் மூன்று இடம் கீழே தள்ளப்படும். `OFFSET 50` என்று இரண்டாம் பக்கம் கேட்டால், சற்றுமுன் பார்த்த கடைசி மூன்றும் மறுபடி வரும். நடுவில் மூன்று நீக்கப்பட்டிருந்தால், பார்க்காத மூன்று மேலே ஏறி நழுவிவிடும். கைபேசியில் செய்திகளை உருட்டும்போது படித்ததே திரும்ப வருவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். கடைசியாகப் பார்த்த பதிவைச் சொல்லிக் கேட்கிற முறையில், மேலே என்ன சேர்ந்தாலும் கீழே உள்ளது அசையாது.

ஆனால், வரிசைப்படுத்தும் மதிப்பே மாறக்கூடியது என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விருப்பக் குறிகளின் எண்ணிக்கைப்படி அடுக்கிய பட்டியலில், 120 விருப்பம் வரை பார்த்துவிட்டீர்கள். 118-ல் இருந்த ஒரு பதிவு அதற்குள் 125 ஆகிவிட்டால், அது உங்களுக்குப் பின்னால் போய்விட்டது. இனி கண்ணில் படாது. கீசெட் முறை அழகாகப் பொருந்துவது உருவான நேரம், தொடர் எண் போன்ற மாறாத மதிப்புகளுக்குத்தான்.

இன்னொரு பொறி, இடக்குறி உலாவிக்குப் போய்த் திரும்பும் வழியில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோநொடி வரை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் `Date` மில்லிநொடியோடு நிறுத்திவிடும். கடைசிப் பதிவின் நேரம் `.123456` என்று இருக்க, திரும்பி வரும்போது `.123` ஆகியிருக்கும். புதியதிலிருந்து பழையதாகப் போகும் பட்டியலில், இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்த பதிவுகள் சத்தமில்லாமல் விடுபடும். பழையதிலிருந்து புதியதாகப் போனால் கடைசிப் பதிவு அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி நிற்கும். நேரத்தை எண்ணாக மாற்றாமல் எழுத்துச்சரமாகவே அனுப்பி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

தன் தளத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நினைக்கிற புரோகிராமர், போஸ்ட்கிரெஸில் வினவலுக்கு முன்னால் `EXPLAIN ANALYZE` என்று போட்டால் போதும். நேரத்தைவிட, இண்டெக்ஸை வாசித்த வரியில் இருக்கும் `rows` எண்ணைப் பாருங்கள். நேரம் ஆளுக்கு ஆள், மணிக்கு மணி மாறும். மேலே `Limit` 50 என்று இருக்க, கீழே 40,050 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீசெட்டுக்கு மாற்றிய பிறகு கீழேயும் 51-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் இண்டெக்ஸின் வரிசையும் `ORDER BY` வரிசையும் ஒத்துப்போகவில்லை.

கொடுக்கிற விலை, பக்க எண். ‘37-ஆம் பக்கத்துக்குப் போ’ என்பது இதில் முடியாது. உண்மையைச் சொன்னால், 37-ஆம் பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்து அதைச் சொடுக்குகிறவர் யாருமில்லை. 2010-ல் என்ன நடந்தது என்று தேடுகிறவர், எந்தப் பக்கமாக இருக்கும் என்று ஊகித்து முன்னும் பின்னும் அலைகிறார், அவ்வளவுதான். விக்கிபீடியா வரலாற்றுப் பக்கத்தின் முகவரியில் `offset=20100101000000` என்று நீங்களே தட்டினால், 2010 பிறப்பதற்கு முந்தைய திருத்தங்கள் நேராக வந்து நிற்கும். எண்ணைவிடத் தேதி உதவியாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் `OFFSET`-ஐத் துரத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முந்நூறு ஊழியர் கொண்ட அலுவலகப் பட்டியலில் அது ஒரு தீங்கும் செய்யாது, எழுதவும் எளிது. பொருத்தத்தின்படி அடுக்கும் தேடல் முடிவுகளிலும் பக்க எண் நியாயம்தான், ஏனென்றால் அங்கே ஆழத்துக்குப் போக ஆளில்லை. அப்படிப் போகிறவர்களுக்காக எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 10,000 முடிவுகளோடு கதவைச் சாத்திவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் `search_after` என்ற வசதி இருக்கிறது. கடைசியாகப் பார்த்த முடிவின் மதிப்புகளை அதனிடம் கொடுத்தால், அங்கிருந்து தொடரும்.